வங்கியில் கொடுத்த மொபைல் நம்பரை மாற்றுகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கிக் கிளையில் கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கவுண்டர் மூடவில்லை, எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே விஷயம்: நம்பர் மாறப்போகிறது, அல்லது மாறிவிட்டது, இப்போது உள்ளே போக முடியவில்லை. கேட்ட கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

புது சிம் வாங்கிட்டேன். முதல்ல எங்க மாத்தணும்?

எங்கேயும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பழைய சிம்மை வெளியே எடுக்காதீர்கள். போனில் இரண்டு சிம் இடம் இருந்தால் புதியதை இரண்டாவதில் போடுங்கள். இல்லையென்றால் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய பட்டன் போனில் பழைய சிம்மைப் போட்டு சார்ஜ் ஏற்றி வையுங்கள். பல இடங்களில் புது நம்பரைச் சேர்க்க, பழைய நம்பருக்கு வரும் ஓடிபியைத்தான் கேட்பார்கள்.

அப்புறம் வரிசை. முதலில் மின்னஞ்சல், இரண்டாவது ஆதார், மூன்றாவது வங்கி, நான்காவது யுபிஐ, அதற்குப் பின் மற்றவை. மின்னஞ்சல் முதலில் வருவதற்குக் காரணம், மற்ற எல்லாக் கணக்கிலும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால் போய் நிற்கும் இடம் அதுதான். ஆதார் ஏன் இரண்டாவது என்பதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

நான் கம்பெனிதான் மாத்துறேன், நம்பர் அதேதான். அப்பவும் பேங்க்ல சொல்லணுமா?

வேண்டாம். 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி போர்ட் செய்வதில் நம்பர் மாறுவதில்லை, வங்கிக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் புது சிம் போட்டதும் யுபிஐ செயலி சிம் மாறியதைக் கண்டுகொண்டு மறுபடி பதிவு செய்யச் சொல்லும். அதைச் செய்தால் போதும். போர்ட் ஆகும் நாளில் சில மணி நேரம் சிக்னல் இருக்காது, அன்றைக்குப் பெரிய பணப் பரிமாற்றம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கெல்லாம் இந்த நம்பரைக் கொடுத்திருக்கேன்னே ஞாபகம் இல்லையே சார்?

யாருக்குத்தான் இருக்கும்? யோசித்துப் பட்டியல் போட்டால் பாதி விட்டுப்போகும். பழைய போனின் எஸ்எம்எஸ் பெட்டியைத் திறந்து, கடந்த ஒரு வருடத்துக்கு அனுப்புநர் பெயர்களை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். யார் யாரெல்லாம் அனுப்பியிருக்கிறார்களோ அவர்களிடம் உங்கள் நம்பர் இருக்கிறது. 'OTP' என்று தேடினால் இன்னும் சீக்கிரம் முடியும். ஒரு வருடம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: வண்டி இன்சூரன்ஸும் வருமான வரித் தளமும் வருடத்துக்கு ஒரு முறைதான் தலை காட்டும்.

எங்கள் இரண்டாம் மாடியில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். கணவர் பெயரில் இருந்த நம்பரை விட்டுவிட்டு, தன் பெயரில் ஒன்று வாங்கினார். 'எனக்கு என்ன, ஒரு பேங்க், ஒரு கேஸ்' என்றார். எஸ்எம்எஸ் பெட்டியைப் பார்த்து எழுதினால் பதினான்கு பெயர் வந்தது. அதில் ஒன்று, அவரே மறந்துபோயிருந்த ஒரு மியூச்சுவல் ஃபண்டு.

பேங்க்ல மாத்துறதுக்கு நேர்ல போய்த்தான் ஆகணுமா?

மூன்று வழிகள் உண்டு. பழைய நம்பர் உயிரோடு இருந்தால் நெட்பேங்கிங் அல்லது வங்கியின் செயலி. பல வங்கிகளில் பழைய நம்பருக்கும் புது நம்பருக்கும் தனித்தனியாக ஓடிபி வரும், இரண்டையும் கொடுத்தால்தான் மாறும். இரண்டாவது ஏடிஎம். கார்டைப் போட்டு பின் நம்பரைக் கொடுத்ததும் மொபைல் நம்பர் பதிவு என்று ஒரு தெரிவு சில வங்கிகளின் இயந்திரத்தில் இருக்கும். உங்கள் வங்கியின் ஏடிஎம்மிலேயே செய்யுங்கள், அடுத்த வங்கி இயந்திரத்தில் இது வராது.

மூன்றாவது கிளை. பாஸ்புக், ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை, ஒரு விண்ணப்பம். கையெழுத்து அவர்களிடம் உள்ள மாதிரியோடு ஒத்துப்போக வேண்டும். வயதானவர்களுக்கு நம்பர் மாறுவது தாமதமாக, நான் பார்த்தவரை இதுதான் முதல் காரணம். கை நடுங்குகிறது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கையெழுத்தைப் புதுப்பிக்கும் படிவமும் அங்கேயே இருக்கும்.

வேலை முடிந்ததா என்று தெரிந்துகொள்ள 'மாறிவிட்டது' என்ற வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள். மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு சொல்லும் வசதி உங்கள் வங்கியில் இருந்தால், புது நம்பரிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். இருப்பு வந்தால் மாறிவிட்டது. அந்த வசதி இல்லையென்றால் கொஞ்சம் பணம் யாருக்காவது அனுப்பி, தகவல் எந்த நம்பருக்கு வருகிறது என்று பாருங்கள்.

ஒரே பேங்க்தான். சேமிப்புக் கணக்குல மாறிடுச்சு, கிரெடிட் கார்டுக்கு இன்னும் பழைய நம்பருக்கே வருதே?

நம்பர் கணக்கோடு ஒட்டியிருப்பது இல்லை, உங்கள் கஸ்டமர் ஐடியோடு ஒட்டியிருக்கிறது. ஒரே ஐடிக்குக் கீழே உள்ள சேமிப்பு, வைப்பு, கடன் எல்லாம் சேர்ந்து மாறிவிடும். கிரெடிட் கார்டு பல இடங்களில் தனிப் பதிவு. ஸ்டேட் வங்கி கார்டை எடுத்துக்கொண்டால் அது தனி நிறுவனமே. கிளையில் கொடுத்த விண்ணப்பம் அங்கே போய்ச் சேராது, கார்டு செயலியில் தனியாக மாற்ற வேண்டும்.

இன்னொன்றும் நடக்கும். ஒரே வங்கியில் உங்களுக்கே இரண்டு ஐடி இருக்கலாம். 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு இணைந்தது. இரண்டிலும் கணக்கு வைத்திருந்தவர்களில் சிலருக்கு இரண்டு ஐடி தொடர்ந்து வந்தது. இரண்டு பாஸ்புக்கின் முதல் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐடி வேறு வேறு என்றால், ஒன்றாக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

ஜாயிண்ட் அக்கவுண்டுக்கும் இதே கதைதான். இரண்டு பேருக்கும் தனித்தனி ஐடி, தனித்தனி நம்பர். கணவர் மாற்றினால் மனைவியின் நம்பர் மாறாது.

ஆதார்ல ஏன் இவ்வளவு சீக்கிரம் மாத்தச் சொல்றீங்க?

ஆதாரில் மொபைல் நம்பரை மாற்றப் பழைய நம்பர் தேவையில்லை. ஆதார் மையத்தில் கைரேகை அல்லது கருவிழி வைத்தால் போதும், வேறு ஆவணமும் கேட்க மாட்டார்கள். பழைய நம்பர் செத்துப்போன பிறகும் திறக்கும் சாவி அது. வருமான வரித் தளம், டிஜிலாக்கர் இவற்றுக்கெல்லாம் உள்ளே போக ஆதார் ஓடிபி ஒரு வழி. யுபிஐ பின் நம்பரை ஆதார் வழியாக வைக்க வேண்டும் என்றாலும், வங்கியில் உள்ள நம்பரும் ஆதாரில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அங்கே கொடுத்ததும் அன்றே மாறிவிடாது. ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, புது நம்பருக்குத் தகவல் வரும்வரை காத்திருங்கள். அந்த இடைவெளியில்தான் வங்கி வேலைகளை முடிப்பது.

ஜிபேல எனக்கு ஓடிபியே கேட்கல, அதுவா ஏதோ மெசேஜ் அனுப்பிட்டு 'பதிவு ஆகலை'ன்னுடுச்சு. ஏன்?

மற்ற இடங்களில் உங்களுக்கு எஸ்எம்எஸ் வரும். யுபிஐயில் உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வெளியே போகும். அது எந்த நம்பரிலிருந்து வந்தது என்று பார்த்துத்தான் இந்தப் போனும் இந்த சிம்மும் உங்களுடையது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் மூன்று காரணங்களால் தவறும். புது சிம்மில் எஸ்எம்எஸ் அனுப்பப் பணமோ பேக்கோ இல்லை. இரண்டு சிம் உள்ள போனில் தவறான சிம்மைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். அல்லது புது சிம் வாங்கிய சூட்டோடு வந்துவிட்டீர்கள், வங்கியில் நம்பர் இன்னும் மாறவில்லை.

மாற்றிய பிறகு முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. கோளாறு இல்லை, யாராவது உங்கள் சிம்மைத் திருடி வந்திருந்தால் தடுப்பதற்காக வைத்த வேலி. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு முந்தைய நாள் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

கூகுள்ல இரண்டு படி சரிபார்ப்பு வச்சிருக்கேன். நம்பர் மாறினா ஜிமெயில் போயிடுமா?

போகாது, இப்போதே ஐந்து நிமிடம் ஒதுக்கினால். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் முதலில் `Backup codes` எடுங்கள். எட்டு இலக்கத்தில் பத்து குறியீடுகள் வரும், ஒவ்வொன்றும் ஒரு முறைதான் வேலை செய்யும். அதைக் காகிதத்தில் எழுதி, பாஸ்புக் இருக்கும் பெட்டியில் வையுங்கள். அதே போனில் ஃபோட்டோ எடுத்து வைப்பது வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது போல.

அடுத்து புது நம்பரைச் சேருங்கள். சேர்த்து, அதில் ஒரு முறை கோடு வந்து உள்ளே போன பிறகு பழையதை நீக்குங்கள். மீட்பு எண்ணை மாற்றினால் ஏழு நாள்வரை பழைய நம்பருக்கும் கோடு அனுப்பக் கூகுள் கேட்கும். இதுவும் பழைய சிம்மை வைத்திருக்க ஒரு காரணம்.

ஆத்தென்டிகேட்டர் ஆப் வச்சிருக்கேன். அதுல என்ன மாத்தணும்?

ஒன்றும் இல்லை. அந்த ஆப் காட்டும் ஆறு இலக்கக் கோடு, உங்கள் போனில் உள்ள ஒரு ரகசியத்தையும் கடிகாரத்தையும் வைத்து 30 விநாடிக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. சிம்முக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எஸ்எம்எஸ் ஓடிபியைவிட எனக்கு இதைப் பிடிப்பதற்குக் காரணமும் அதுதான்.

ஆபத்து வேறு இடத்தில். நம்பர் மாற்றும் கையோடு போனையும் மாற்றுவார்கள், பழைய போனை ரீசெட் செய்து எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுவார்கள். ஆத்தென்டிகேட்டரில் இருந்தது அதோடு போய்விடக்கூடும். கூகுள் ஆத்தென்டிகேட்டர் என்றால் பழைய போனில் `Transfer accounts` போய், வரும் கியூஆர் கோடைப் புது போனில் ஸ்கேன் செய்யுங்கள். புது போனில் வரும் கோடால் உள்ளே போக முடிகிறது என்று சோதித்த பிறகுதான் பழையதை அழிக்க வேண்டும். என்னைக் கேட்டால் நம்பரையும் போனையும் ஒரே வாரத்தில் மாற்றவே கூடாது.

வாட்ஸ்அப்பை அப்படியே விட்டுடலாமா? அது வேலை செஞ்சுகிட்டுத்தானே இருக்கு?

இப்போது வேலை செய்யும். பழைய நம்பர் இன்னொருவருக்குப் போனதும் அவர் வாட்ஸ்அப் போடுவார், கோடு அவருக்குப் போகும், நீங்கள் வெளியே. வாட்ஸ்அப் அமைப்புகளில் கணக்கு என்ற பகுதியில் `Change number` இருக்கிறது. பழையதையும் புதியதையும் எழுதினால் கோடு புது நம்பருக்குத்தான் வரும். குழுக்கள், அரட்டைகள் அப்படியே கூட வரும். புதிதாக நிறுவிக்கொண்டு உள்ளே போனால் இவை வராது, அந்தத் தவறைத்தான் பலர் செய்கிறார்கள்.

எல்லாம் மாத்தியாச்சு. பழைய சிம்முக்கு எத்தனை நாள் ரீசார்ஜ் பண்றது?

மூன்று மாதம் என்பது என் கணக்கு. அதற்குள் பழைய போனுக்கு வரும் ஒவ்வொரு எஸ்எம்எஸும் நீங்கள் விட்டுவிட்ட ஒரு இடம். டீச்சருக்கு முதல் வாரத்தில் வங்கி, ஆதார், யுபிஐ எல்லாம் முடிந்தது. பட்டியலில் பதினான்கும் அடித்தாயிற்று என்று சந்தோஷப்பட்டார். ஐந்தாவது வாரம் பழைய பட்டன் போனில் ஒரு செய்தி: எல்ஐசி பாலிசிக்குப் பிரீமியம் கட்டச் சொல்லி. அது கணவர் டீச்சர் பெயரில் எடுத்தது, பழைய எஸ்எம்எஸ்களை யாரோ அழித்திருந்ததால் பட்டியலில் வரவில்லை. பதினைந்தாவது.

ப்ரீபெய்டில் 90 நாள் எதுவும் பயன்படுத்தாமல் இருந்தால் இணைப்பை முடக்கலாம் என்பது டிராய் விதி. கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. ஆனால் உள்வரும் எஸ்எம்எஸ் எத்தனை நாள் வரும் என்பது உங்கள் திட்டத்தைப் பொறுத்தது. அதனால் குறைந்தபட்ச ரீசார்ஜ் போட்டுவிடுவதே நிம்மதி.

எனக்குப் பழைய சிம்மே தொலைஞ்சு போச்சே, இப்ப என்ன பண்றது?

நம்பர் உங்கள் பெயரில் இருந்தால், வங்கிக்கு ஓடுவதற்கு முன் தொலைபேசி நிறுவனத்தின் கடைக்குப் போங்கள். அடையாள அட்டை காட்டினால் அதே நம்பருக்கு மாற்று சிம் கொடுப்பார்கள். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: மாற்று சிம் போட்ட முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. 'சிம் வாங்கியும் ஓடிபி வரலை' என்று அன்று மாலையே புலம்பியவர்கள் நிறைய. மறுநாள்வரை பொறுங்கள்.

ரீசார்ஜ் போடாமல் முடங்கிப் போயிருந்தால், முடங்கிய பிறகும் 15 நாள் அவகாசம் உண்டு, கேட்டால் உயிர்ப்பிப்பார்கள். அதையும் தாண்டிவிட்டால் பழைய நம்பரை மறந்துவிட்டு, நம்பர் தேவைப்படாத சாவிகளுக்குப் போங்கள்: வங்கிக்குக் கிளை, ஆதாருக்குக் கைரேகை, கூகுளுக்கு மேலே சொன்ன பத்து குறியீடுகள். அந்தக் குறியீடுகளும் இல்லை, ஏற்கெனவே உள்நுழைந்த போன் ஒன்று கையில் இருக்கிறது என்றால், அதிலிருந்து எக்காரணம் கொண்டும் வெளியேறாதீர்கள். அந்தப் போனிலேயே புது நம்பரைச் சேர்க்க முயலுங்கள்.

நம்பர் மகன் பெயரிலோ, காலமானவர் பெயரிலோ இருந்தால் மாற்று சிம் உங்களுக்குத் தர மாட்டார்கள். டீச்சர் தன் பெயரில் புது நம்பர் வாங்கியதற்கு அதுதான் காரணம்.

துபாய்ல இருக்கேன். ஊர்ல கணக்கு, இந்திய நம்பர். அதை விட்டுடலாமா?

விடாதீர்கள். ரோமிங்கில் எஸ்எம்எஸ் வாங்குவதற்கு வழக்கமாகக் கட்டணம் இல்லை. ஊரில் இருக்கும்போதே ரோமிங் வசதியை இயக்கிவிட்டு, ரீசார்ஜ் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வெளிநாட்டு நம்பரையே பதிந்துகொள்ளும் வங்கிகளும் உண்டு, என்ஆர்இ கணக்கென்றால் கேட்டுப் பாருங்கள். லீவில் வரும்போதுதான் நம்பர் மாற்றுவேன் என்றால், வந்த முதல் இரண்டு நாளிலேயே ஆதார் மையத்துக்குப் போய்விடுங்கள். கடைசி வாரத்தில் போனால் ஒப்புகைச் சீட்டோடு விமானம் ஏற வேண்டிவரும்.

புதுசா வாங்கின நம்பருக்கு யாரோ ஒருத்தரோட பேங்க் மெசேஜ் வருது. பயமா இருக்கு.

முடங்கிய நம்பரை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். உங்களுக்கு வந்தது அப்படிப்பட்ட ஒன்று. பழையவர் வங்கியில் மாற்றவில்லை. அந்தச் செய்திகளில் வரும் ஓடிபியை எங்கும் போடாதீர்கள், இணைப்பைத் திறக்காதீர்கள். எந்த வங்கியின் செய்தியோ அந்த வங்கியின் அதிகாரப்பூர்வ எண்ணை அழைத்து 'இந்த நம்பர் இப்போது என்னுடையது' என்று சொல்லுங்கள். அதே வங்கியில் உங்களுக்கும் கணக்கிருந்தால் கிளையிலேயே எழுதிக் கொடுங்கள்.

யுபிஐ போட்டால் அவருடைய கணக்கு உங்கள் திரையில் தெரியக்கூட வாய்ப்புண்டு, ஏனென்றால் செயலி நம்பரை வைத்துத்தான் தேடுகிறது. பின் வைக்க டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதித் தேதியும், அல்லது ஆதார் ஓடிபியும் வேண்டும் என்பதால் அதற்கு மேல் போகாது. கைவிடப்பட்ட நம்பர்களின் பட்டியலைப் பார்த்து வாரம் ஒரு முறையாவது தங்கள் பதிவுகளைச் சரிசெய்ய வேண்டும் என்று 2025 ஏப்ரல் முதல் வங்கிகளுக்கும் யுபிஐ செயலிகளுக்கும் விதி உண்டு. இதையே திருப்பிப் பார்த்தால், நீங்கள் விட்ட நம்பருக்கும் இதே கதி நேரும்.

பேங்க்லிருந்து போன் பண்ணி, 'நம்பர் மாத்த விண்ணப்பம் வந்திருக்கு, ரத்து பண்ண ஓடிபி சொல்லுங்க'ன்னாங்க. சொல்லலாமா?

ரத்து செய்ய எந்த வங்கியும் உங்களிடம் ஓடிபி கேட்காது. மேலே சொன்ன இரட்டை ஓடிபியை நினைத்துப் பாருங்கள்: பழைய நம்பருக்கு வரும் அந்த ஓடிபிதான் மாற்றத்துக்குச் சம்மதம். அதைத்தான் அவர் வாங்கப் பார்க்கிறார். போனை வைத்துவிட்டு, ஓடிபி வந்த எஸ்எம்எஸை முழுதாகப் படியுங்கள். எதற்கான ஓடிபி என்று அதிலேயே எழுதியிருக்கும்.

சொல்லிவிட்டீர்கள் என்றால், அல்லது காரணமே இல்லாமல் சிம்மில் சிக்னல் போய் மணிக்கணக்கில் வரவில்லை என்றால், வேறு போனிலிருந்து முதலில் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். உடனே 1930, சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண். அதற்கு அடுத்ததுதான் தொலைபேசி நிறுவனத்துக்குப் போவது.